முழங்கால் மாற்று அறுவைக்குப் பின்: பிசியோ குறிப்பை வீட்டுப் பயிற்சித் தாளாக மாற்றுவது எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த குறிப்பில் "கியூ.எஸ். 10 விநாடி x 10, ஹீல் ஸ்லைடு உதவியுடன் 2 x 10, அசைவு 0–90°, எஸ்.எல்.ஆர். 3 x 10, லேக் 10°, வலி 4/10" என்று இருக்கிறது. இதை அப்படியே சுவரில் ஒட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நின்று கை கொடுத்தபோது அப்பாவால் என்ன முடிந்தது என்பதுதான் அந்தக் குறிப்பு. வீட்டுத் தாளில் எழுத வேண்டியது, யார் உதவியும் இல்லாமல் சரியாகச் செய்ய முடிகிற அளவு.

"3 x 10" என்றால் பத்துப் பத்து முறையாக மூன்று செட். ஆனால் இந்தக் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது "லேக் 10°". பிறர் நீட்டிவிட்டால் முழங்கால் நேராகிறது (அசைவு 0° என்பது அதுதான்), ஆனால் அவராகவே காலைத் தூக்கும்போது 10 டிகிரி மடங்கி நிற்கிறது. தொடையின் முன்தசை இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. இந்த நிலையில் எஸ்.எல்.ஆர்., அதாவது நீட்டிய காலைத் தூக்குவதை, முப்பது முறை செய்தால் இடுப்புத் தசைதான் வேலை செய்யும். என்னிடம் வந்த ஒரு அம்மா பத்து நாள் விடாமல் மூன்று செட்டும் செய்திருந்தார். தூக்கிக் காட்டச் சொன்னேன். முதல் தடவையே முழங்கால் மடங்கித்தான் எழுந்தது. லேக் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

*தொடை இறுக்குதல் (கியூ.எஸ்.):* மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கி, 5 எண்ணுங்கள். மூச்சை அடக்காதீர்கள். 10 முறை, காலை, மதியம், மாலை.

*குதிகால் இழுத்தல் (ஹீல் ஸ்லைடு):* பாதத்தைச் சுற்றி ஒரு நீளத் துண்டைப் போட்டு இரு முனைகளையும் கையில் பிடியுங்கள். குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி இழுத்து முழங்காலை மடக்கி, இறுக்கம் தெரியும் இடத்தில் 5 எண்ணி, மெல்ல நீட்டுங்கள். 10 முறை, 2 செட், தினம் இரு வேளை.

*காலைத் தூக்குதல் (எஸ்.எல்.ஆர்.):* மற்றக் காலை மடக்கி ஊன்றுங்கள். முதலில் தொடையை இறுக்கி, அந்த இறுக்கத்தோடே ஒரு சாண் உயரம் தூக்கி 3 எண்ணி இறக்குங்கள். 5 முறை, 2 செட், நடுவில் ஒரு நிமிட ஓய்வு, தினம் இரு வேளை. முழங்கால் மடங்கத் தொடங்கினால் அந்த செட் அங்கேயே முடிந்தது.

குறிப்பில் "உதவியுடன்" என்றிருந்த கையின் இடத்தில்தான் துண்டு வந்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து கால் மடங்காமல் தூக்கினால் 5 என்பதை 8 ஆக்குங்கள், பிறகு 10. மூன்றாவது செட் அதற்கப்புறம். தாளை எழுதியதும் அதே பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்று குறிப்பில் இருந்தால் அதை மட்டும் சொல் மாறாமல் எழுதுங்கள்.

கேள்வி: வலி 4/10 வரை போகலாம் என்று அர்த்தமா?

பதில்: இல்லை, அது அன்று அப்பா சொன்ன எண். பயிற்சியின்போது வலி 5-ஐத் தாண்டாமல், முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. மறுநாள் காலையைத்தான் நான் அதிகம் நம்புவேன். தினமும் எழுந்ததும் முழங்கால் சில்லின் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவைக் குறியுங்கள். நேற்றைவிட வீங்கி, மடக்குவதும் குறைந்திருந்தால், அன்று மற்ற இரண்டையும் பாதியாக்குங்கள். தொடை இறுக்குதலை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது. எது ஆபத்து என்று எப்படித் தெரியும்?

பதில்: காலை உயர்த்திப் படுத்து, காலையில் வடிந்திருந்தால் பெரும்பாலும் நடமாட்டத்தால் வந்த வீக்கம். கெண்டைக்கால் விடிந்தும் வடியாமல், மற்றக் காலைவிடப் பருத்து, தொட்டால் வலித்துச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் போங்கள். எண்ணெய் போட்டு உருவக் கூடாது. பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்த்து "வலி இல்லை, அப்படியானால் கட்டி இல்லை" என்று தீர்மானிப்பதும் தவறு. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

காயத்தில் நீர் அல்லது சீழ் கசிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் 100.4°F-ஐத் தொட்டாலோ அன்றே அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். நேற்றுவரை தூக்கிய காலை, விழுந்த பிறகோ 'டப்' என்ற சத்தத்துக்குப் பிறகோ தூக்கவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான், தசைநார் அறுந்திருக்கலாம். இவற்றைத் தனித் தாளில் வைக்காமல், பயிற்சிகளுக்கு நேர் கீழே, தொலைபேசி எண்ணோடு எழுதுங்கள்.

கேள்வி: இரவில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறது என்கிறார். வைக்கலாமா?

பதில்: கூடாது. இரவெல்லாம் மடங்கியே கிடந்தால் முழங்கால் அப்படியே இறுகி, இப்போது இருக்கும் அந்த 0° போய்விடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் தள்ளி வையுங்கள்.