கடையில் கூடியது 10 மூட்டை, கம்பெனி ஆர்டரில் கூடியது 90

"மன்னார்குடியில் மாட்டுத்தீவன டீலர். கடைகளில் விற்பனை பெரிதாக மாறவில்லை. என் ஆர்டர் மட்டும் ஒரு வாரம் 190 மூட்டை, அடுத்த வாரம் 70. ஏன்?"

கடைக்காரர் இரண்டு வார இருப்பு வைப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார விற்பனை 100-லிருந்து 110 ஆகிறது. விற்ற 110-ஐ நிரப்ப வேண்டும், இருப்பையும் 200-லிருந்து 220 ஆக்க வேண்டும். உங்களிடம் 130 கேட்பார். நீங்களும் அதே கணக்கில் 130 வாரத் தேவை என்று நம்பி, இருப்பை 200-லிருந்து 260 ஆக்கப் பார்ப்பீர்கள்: 130 + 60 = 190. அடுத்த வாரமும் விற்பனை 110 தான். கடைக்கு இருப்பு போதும், 110 மட்டும் கேட்பார். உங்கள் இலக்கு 220-க்கு இறங்கும், 110 − 40 = 70. கம்பெனிக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வார், பாவம்!

இலக்கு போட கடையின் ஆர்டரை விட்டுவிட்டு, கடைக்காரர் விற்றுப் பில் போட்ட மூட்டை எத்தனை என்று வாரந்தோறும் வாட்ஸப்பில் கேளுங்கள். இருப்பு இலக்கை அதை வைத்துப் போட்டால் 130 + 20 = 150, அப்புறம் 110. அலை முழுதாக அடங்காது, கடைக்காரர் தன் இருப்பை ஏற்றும் துள்ளல் இருக்கும்.

பில் விற்பனை சீராக இருந்தும் மாதக் கடைசியில் மட்டும் ஆர்டர் எகிறினால் இந்தக் கணக்கைக் குறை சொல்லாதீர்கள். கம்பெனி தரும் தள்ளுபடியைப் பாருங்கள்.