லாபம் இருக்கிறது, மெஷின் மாற்றப் பணம் இல்லை

"சேலத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறோம். வருஷம் 2 லட்சம் லாபம் என்று கணக்கு சொல்கிறது. கிழங்கு அரைக்கும் மெஷினை மாற்றப் பணம் இல்லையே, ஏன்?"

தேய்மானத்தைப் பாருங்கள். மெஷினை 2001-02-ல் 10 லட்சத்துக்கு வாங்கி, 25 வருஷ ஆயுள் போட்டதாக வைத்துக்கொள்வோம். வருஷம் 40,000 ரூபாய் கழியும். மரவள்ளிக் கிழங்கும் கூலியும் இன்றைய ரூபாயில், தேய்மானம் மட்டும் அன்றைய ரூபாயில். அதனால்தான் லாபம் ஊதித் தெரிகிறது.

வருமான வரிக்கான பணவீக்கக் குறியீட்டில் 2001-02 என்பது 100, 2024-25 என்பது 363. அந்த விகிதத்தில் தேய்மானம் 1,45,200 ஆகும். அப்புறம் லாபத்தில் மிஞ்சுவது 94,800 தான். மீதி 1,05,200, லாபம் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துச் செலவழித்த முதல்.

இதிலும் ஓட்டை உண்டு. அந்தக் குறியீடு நுகர்வோர் விலை உயர்வில் 75 சதவீதத்தை மட்டுமே எடுக்கிறது. உங்கள் மெஷினின் விலை அதற்குத் தெரியாது. இன்றைய கொட்டேஷனை வைத்துத் தேய்மானம் போடுவது இன்னொரு வழி. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் புது மெஷின் அதிகம் அரைக்கும் என்றால், அந்த விலையை அப்படியே பழையதன்மேல் ஏற்றக் கூடாது. வரிக் கணக்கில் இரண்டுமே செல்லாது. உங்கள் நோட்டில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.