ஒன்பது மெயிலுக்கு அப்புறம்

"கோவைக் கடைக்காரரோடு ஒன்பது மெயில் ஆகியும் சுங்குடிச் சேலையின் பார்டர் அளவு முடிவாகவில்லை. போன் செய்யலாமா?"

அண்ணே, எண்ணிக்கையை விடுங்கள். ஒரே கேள்வி வேறு வார்த்தையில் திரும்பி வந்ததுமே மெயிலை நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் 4 இஞ்ச் என்கிறீர்கள், அவர் "பெரிய பார்டர்தானே?" என்கிறார். அவர் மனதில் இருப்பது அளவு இல்லை, எப்போதோ விற்ற ஒரு சேலை. அது எதுவென்று போனில்தான் கேட்டு வாங்க முடியும்.

திடீரென்று கூப்பிடாதீர்கள், கடையில் கூட்டம் இருந்தால் எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்பார். "நாளை 11 மணிக்குப் பேசலாமா?" என்று ஒரு வரி போடுங்கள். பேசும்போது சேலையும் டேப்பும் கையில் இருக்கட்டும்.

போனை வைத்ததும் பேசி முடித்த பார்டர், நிறம், விலை, தேதியை அதே மெயிலில் எழுதி, அவரிடமிருந்து சம்மதம் வந்த பிறகே துணியைச் சாயத்துக்கு முடிச்சுப் போடக் கொடுங்கள். பார்டர் நெய்தே வருவது, சாயம் ஏறியபின் மாற்ற முடியாது.