ஐந்தாம் வாரத்தில் பாடத்தைக் கைவிட்டால் கட்டணம் திரும்புமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் எம்.எஸ். கணினி அறிவியல் முதல் செமஸ்டர் படிக்கிறான். மூன்று பாடங்கள், மொத்தம் 9 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 1,100 டாலர். அல்காரிதம் பாடத்தின் முதல் தேர்வில் 100-க்கு 38 வாங்கியிருக்கிறான். அந்தத் தேர்வுக்கு 20 சதவீத மதிப்பு. இது ஐந்தாவது வாரம். பாடத்தை விட்டுவிடுகிறேன் என்கிறான். அவனுடைய நண்பன் முதல் வாரத்தில் ஒரு பாடத்தை விட்டபோது முழுப் பணமும் திரும்பியதாம். எங்களுக்கும் வருமா? மதிப்பெண் பட்டியலில் W என்று விழும் என்கிறானே, அது கெடுதலா? கல்விக் கடன் 10.5 சதவீத வட்டியில் வாங்கியிருக்கிறோம்.
– கோவை வாசகர்

பதில்: பணம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இணைத்திருந்த கட்டண அட்டவணையில் இரண்டாம் வார வெள்ளிக்கிழமை வரை 100 சதவீதம், மூன்றாம் வாரம் 50 சதவீதம், அதன்பின் எதுவும் இல்லை என்று இருக்கிறது. நண்பன் விட்டது ‘ஆட்–டிராப்’ காலத்துக்குள். அந்த நாட்களில் ஒரு பாடத்தை நீக்கினால் அதில் சேரவே இல்லை என்பதுபோல் பதிவு மறைந்துவிடும், கட்டணமும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஒன்றை நீக்கி வேறொன்றைச் சேர்த்தாலும் கூடுதல் செலவு இருக்காது. அந்தக் காலம் முடிந்த பிறகு செய்வதற்குப் பெயர் வித்ட்ராயல். பாடத்தின் பெயர் டிரான்ஸ்கிரிப்டில் நிற்கும், எதிரே W என்று வரும், கட்டிய 3,300 டாலரும் பல்கலைக்கழகத்திடமே இருக்கும். டாலர் 88 ரூபாய் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 2.9 லட்சம். உங்கள் வட்டி விகிதத்தில் இந்தத் தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் ஏறும்.

ஆனால் நீங்களும் மகனும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பணத்துக்கான கெடு வேறு, மதிப்பெண் பட்டியலுக்கான கெடு வேறு. பணத்துக்கான கெடு போய்விட்டது. W வாங்கிக்கொண்டு வெளியேறும் கெடு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டரின் பாதியைத் தாண்டித்தான், ஒன்பது, பத்தாம் வாரத்தை ஒட்டி வரும். கல்வி நாட்காட்டியில் அந்தத் தேதியை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். இன்று விட்டாலும் அந்தக் கடைசி நாளில் விட்டாலும் உங்களுக்கு ஆகும் நட்டம் ஒன்றுதான். எனவே அவசரப்பட்டு இந்த வாரமே விடுவதில் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. பணம் கட்டிய வகுப்பில் இன்னும் சில வாரம் உட்காரட்டும்; அடுத்த தேர்வு அந்தக் கெடுவுக்கு முன் வந்தால் அதையும் எழுதட்டும்.

அதற்குள் ஒரு கணக்கு போட வேண்டும். 38 மதிப்பெண்ணில் அவனுக்குக் கிடைத்தது 20-க்கு 7.6. அந்தப் பாடத்தில் B வாங்க 80 தேவை என்றால், மீதமுள்ள 80-இல் 72.4 எடுக்க வேண்டும். அதாவது இனிவரும் எல்லாவற்றிலும் 90 சதவீதத்துக்குச் சற்று மேல். பேராசிரியர் மொத்த வகுப்பின் சராசரியைப் பார்த்து எல்லைகளைத் தளர்த்துபவராக இருந்தால் நிலைமை மாறும், அவருடைய அலுவலக நேரத்தில் நேரில் போய், “இந்த மதிப்பெண்ணோடு B சாத்தியமா?” என்று கேட்டுவிடலாம். அமெரிக்கப் பேராசிரியர்கள் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்வார்கள்.

B சாத்தியமில்லை என்றால் W வாங்குவதுதான் சரி என்பது என் கருத்து. மற்ற இரண்டு பாடங்களிலும் B வாங்கி இதில் C வாங்கினால் ஜி.பி.ஏ. 2.67-க்கு இறங்கும்; F என்றால் 2.0. முதுநிலைப் படிப்பில் 3.0-க்குக் கீழே போனால் பல பல்கலைக்கழகங்கள் எச்சரிக்கைப் பட்டியலில் வைத்துவிடும், உதவித்தொகையும் ஆபத்தில் விழும். W அந்தக் கணக்கில் சேராது, ஜி.பி.ஏ. 3.0-ஆகவே நிற்கும். ஒரே ஒரு W-ஐப் பார்த்து யாரும் வேலை மறுப்பதில்லை. நான்கைந்து சேர்ந்தால்தான், குறிப்பாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, கேள்வி எழும்.

இங்கேதான் பெற்றோர் பலரும் கேட்க மறக்கும் விஷயம் வருகிறது: விசா. எஃப்-1 மாணவர் முழுநேரப் படிப்பில் இருந்தாக வேண்டும். முதுநிலைக்கு எத்தனை கிரெடிட் முழுநேரம் என்பதைப் பல்கலைக்கழகம் நிர்ணயிக்கிறது. பல இடங்களில் அது 9. உங்கள் மகன் ஒரு பாடத்தை விட்டால் 6-க்கு வந்துவிடுவான். முன்அனுமதி இல்லாமல் இப்படிக் குறைந்தால் அவனுடைய விசா அந்தஸ்தே பறிபோகலாம். அந்த இழப்புக்கு முன்னால் 2.9 லட்சம் ஒன்றுமே இல்லை. ஆகவே இணையப் பக்கத்தில் பாடத்தை நீக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரியைப் பார்த்து, பாடச்சுமையைக் குறைக்க அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்கக் கற்பித்தல் முறை புதிது, தகுதிக்கு மீறிய நிலையிலான பாடத்தில் சேர்ந்துவிட்டேன் போன்ற கல்விக் காரணங்களுக்கு விதிமுறையிலேயே இடம் உண்டு. குறைந்தது 6 கிரெடிட் மிஞ்ச வேண்டும். உங்கள் மகனுக்குச் சரியாக 6 மிஞ்சுகிறது. ஆனால் இந்தக் காரணத்துக்கான சலுகை ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு ஒரே முறைதான். அடுத்த செமஸ்டரில் மீண்டும் முழுநேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

செமஸ்டரின் பிற்பாதியில் தொடங்கும் ஏழெட்டு வாரப் பாடங்கள் சில இடங்களில் உண்டு. அதில் ஒன்றில் சேர்ந்து 9-ஐ நிரப்பலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். சட்டப்படி வழி இருந்தாலும், உங்கள் மகனிடம் கிரெடிட் வாரியாகக் கட்டணம் வாங்குவதால் இன்னொரு 3,300 டாலர் இப்போதே கட்ட நேரிடும். ஆன்லைன் பாடமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடத்துக்குத்தான், அதிலும் 3 கிரெடிட்டுக்குத்தான் இடம். டி.எஸ்.ஓ. அனுமதி கிடைத்தால் இந்த வழியே தேவையில்லை.

எந்தக் காரணத்தாலும் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டுப் பதிவை அப்படியே விட்டுவிடக் கூடாது. போகாத பாடம் தானாக நீங்காது. கடைசியில் F ஆகத்தான் வரும்.

படிப்பு ஒரு செமஸ்டர் நீளுமோ என்ற கவலை உங்களுக்கு இருக்கும். பட்டத்துக்கு 30 கிரெடிட் என்றால், செமஸ்டருக்கு 9 வீதம் எடுத்தாலும் மூன்று செமஸ்டரில் 27தான் முடியும்; நான்காவது எப்படியும் தேவை. அதில் 3-க்குப் பதில் 6 கிரெடிட் இருக்கும், அவ்வளவுதான். பட்டம் முடிக்க எஞ்சியது அவ்வளவே என்றால் கடைசி செமஸ்டரில் குறைந்த சுமைக்கும் டி.எஸ்.ஓ. அனுமதி தரலாம். ஆகவே கூடுதல் வாடகை, சாப்பாட்டுச் செலவு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். கூடுவது அந்தப் பாடத்தை மீண்டும் எடுக்கும் 3,300 டாலர் மட்டுமே. வங்கியில் அனுமதித்த கடன் வரம்புக்குள் அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நான்காவது செமஸ்டரில் கேட்டால் தனிநபர் கடன் வரை போக வேண்டியிருக்கும்.

அடுத்த செமஸ்டரில் முதல் இரண்டு வாரத்தை வேறுவிதமாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் அனுமதித்தால் நான்கு பாடங்களில் பதிவு செய்துகொள்ளட்டும். ஒவ்வொன்றிலும் முதல் வீட்டுப்பாடத்தைச் செய்து பார்த்து, கடினமான ஒன்றை வெள்ளிக்கிழமைக்கு முன் நீக்கிவிடலாம். நீக்கிய மறுநாள் மாணவர் கணக்குப் பக்கத்தைத் திறந்து, 3,300 டாலர் கழிந்திருக்கிறதா என்று பார்த்து அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்கட்டும். கழியாமல் இருந்தால் கெடு தாண்டுவதற்குள் கட்டண அலுவலகத்துக்கு எழுத அதுவே ஆதாரம்.