இறக்குமதிக்கு வரி போட்டாலும் விலை ஏறுகிறது, கோட்டா வைத்தாலும் விலை ஏறுகிறது. அப்புறம் இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

நீங்கள் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். பாடப்புத்தக வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும், அதனால் இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். எனக்கு வித்தியாசம் புரிந்தது புத்தகத்தில் இல்லை. நான் கமிஷன் அடிக்கிறேன் என்று முதலாளி சந்தேகப்பட்டபோதுதான் புரிந்தது.

மோட்டார் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். மோட்டாருக்குள் போகிற பேரிங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒரு வியாபாரியிடம் வாங்கினோம். அப்போது இறக்குமதி வரி இருந்தது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் வரியை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு இத்தனை எண்ணிக்கைதான் வரலாம் என்று கோட்டா வைத்தார்கள். வரி இருந்தபோது எவ்வளவு வந்ததோ அதே எண்ணிக்கை. "உங்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது" என்றார்கள். முதல் சில மாதங்கள் அது உண்மையாகவும் இருந்தது.

எளிய எண்களில் சொல்கிறேன். துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலையில் நாட்டுக்கு 60 தேவை, உள்நாட்டில் 20 தயாராகிறது, மீதி 40 வெளியிலிருந்து வருகிறது. இப்போது 20 வரி போடுகிறார்கள். விலை 120 ஆகிறது. தேவை 50 ஆகக் குறைகிறது, உள்நாட்டு உற்பத்தி 30 ஆக உயர்கிறது, இறக்குமதி 20 ஆகிறது. அரசுக்கு 20 உருப்படிக்குத் தலா 20, ஆக 400 வரி வருகிறது.

வரியே இல்லாமல் 20 உருப்படிதான் வரலாம் என்று வைத்தாலும் விலை அதே 120தான். ஆனால் வெளியில் 100க்கு வாங்கி உள்ளே 120க்கு விற்கும்போது கிடைக்கும் அந்த 400 இப்போது அரசுக்குப் போவதில்லை. இறக்குமதி உரிமம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போகிறது. உரிமத்தை ஏலம் விட்டால் அந்தப் பணம் அரசுக்கே வருமே என்று யாராவது கேட்பீர்கள். வரும், மறுக்கவில்லை. 1980களில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அப்படி ஏலம் விட்டுப் பார்த்தன. ஆனால் பெரும்பாலும் கோட்டாவைப் பங்கிடுவது பழைய இறக்குமதிக் கணக்கை வைத்துத்தான். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. நாங்கள் எப்போதும் வியாபாரி மூலமாகவே வாங்கியதால் எங்கள் நிறுவனத்தின் பெயரில் இறக்குமதிப் பதிவு எதுவும் இல்லை. விண்ணப்பித்தும் ஒரு உருப்படிக்குக்கூட உரிமம் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு எங்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஆர்டர் கூடியது. மேலே சொன்ன கணக்கில் எந்த விலையிலும் 20 கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி இருந்திருந்தால் விலை 120லேயே நின்றிருக்கும். கூடுதல் 20 உருப்படியும் வெளியிலிருந்து வந்திருக்கும், அரசுக்கு 800 வரி கிடைத்திருக்கும். கோட்டாவில் அந்தக் கதவு மூடியிருக்கிறது. உள்நாட்டுக்காரர்கள் 40 தயாரித்து, வாங்குபவர்கள் 60க்குள் சுருக்கிக்கொண்டால்தான் கணக்கு நேராகும். அதற்கு விலை 140 வரை போக வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் அதே 20 உருப்படியைத்தான் கொண்டு வருகிறார், ஆனால் அவர் கைக்கு வருவது 400லிருந்து 800 ஆகிவிடுகிறது.

வரி விலையைக் கட்டுகிறது, அளவு நகர்கிறது. கோட்டா அளவைக் கட்டுகிறது, விலை நகர்கிறது. உலக விலை 100லிருந்து 80க்கு இறங்கினாலும் இதே கதைதான். வரி இருந்தால் உள்ளேயும் 120 என்பது 100 ஆகும். கோட்டா இருந்தால் உள்ளே 120லேயே நிற்கும், இடைவெளி மட்டும் 40 ஆகும். வெளிநாட்டுக்காரன் விலையைக் குறைத்தாலும் சந்தை கலங்காது என்பதால்தான் உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் வரியைவிடக் கோட்டாவை விரும்பிக் கேட்கிறார்கள்.

இதெல்லாம் எங்கள் முதலாளிக்குத் தெரியாது. வரி ஏறவில்லை, வெளிநாட்டு விலையும் ஏறவில்லை, ஆனால் என் பில் மட்டும் மாதாமாதம் ஏறுகிறது. அவர் வேறு எதையும் பார்க்காமல் என்னைப் பார்த்தார். சம்பந்தமில்லாமல் இதையும் சொல்லிவிடுகிறேன்: கொள்முதலில் வேலை செய்கிறவனை எல்லோரும் முதலில் திருடன் என்றுதான் நினைக்கிறார்கள். விற்பனையில் ஒருவர் தள்ளுபடி கொடுத்தால் சாமர்த்தியம், நாங்கள் கூடுதல் விலை கொடுத்தால் கமிஷன். மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் வைத்திருந்தேன். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. இன்றும் அது மனதில் ஆறவில்லை.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. சின்ன, விலை மலிவான பேரிங்குகள் வருவது நின்றுபோனது. வியாபாரி வேண்டுமென்றே செய்கிறார் என்று நானும் கோபப்பட்டேன், அது தவறு. உரிமம் எண்ணிக்கைக்கு என்பதால் ஒவ்வொரு உருப்படியின் மேலும் ஒரே சுமை ஏறுகிறது. 40 சுமை என்பது 40 மதிப்புள்ள பொருளின் விலையை இரட்டிப்பாக்கும், 400 மதிப்புள்ளதன் மேல் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே வாங்குபவர்களே உயர்ரகத்துக்கு நகர்கிறார்கள். மதிப்பின் மேல் சதவீத வரி என்றால் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறும், இந்தச் சாய்வு வராது.

இதற்குப் பெரிய அளவில் நடந்த உதாரணம் கார்தான். 1981இல் அமெரிக்காவின் நெருக்குதலால் ஜப்பான், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அங்கே அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. ஜப்பான் நிறுவனங்கள் அதே எண்ணிக்கைக்குள் பெரிய, வசதி கூடிய, விலை கூடிய கார்களை அனுப்ப ஆரம்பித்தன. வரம்பைத் தங்கள் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது ஜப்பான் அரசு. அதனால் அமெரிக்கர்கள் கூடுதலாகக் கொடுத்த பணம், வரியாக இருந்தால் அமெரிக்கக் கருவூலத்துக்குப் போயிருக்க வேண்டியது, ஜப்பான் நிறுவனங்களுக்குப் போனது.

நான் வரியை ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரியும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. இறக்குமதி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டவே கூடாது என்பதுதான் நோக்கம் என்றால் கோட்டா அதை உறுதியாகச் செய்யும், வரி செய்யாது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் நான் செய்தது இதுதான். வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக விலைப்புள்ளி வாங்கினேன். கப்பல் கட்டணம், காப்பீடு, துறைமுகச் செலவு, வியாபாரியின் வழக்கமான லாபம் எல்லாவற்றையும் அதோடு கூட்டினேன். வரி இருந்த ஆண்டில் அந்தக் கூட்டலோடு வரியையும் சேர்த்தால் எங்கள் பில் தொகை கிட்டத்தட்ட அப்படியே வந்தது. கோட்டா வந்தபின் வரி பூஜ்யம், ஆனால் கூட்டலுக்கும் பில்லுக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி, அதுவும் மாதாமாதம் வளர்ந்துகொண்டே. மூன்று வியாபாரிகளின் விலையிலும் அதே இடைவெளி. அந்தத் தாளை முதலாளியின் மேசையில் வைத்தேன். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த இடைவெளிக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். உரிமத்தின் விலை என்றேன். அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இறக்குமதிப் பதிவு தொடங்கச் சொன்னார்.