வேப்பமரத்தில் இலை கொட்டுவது இயல்பானதா, நோயா? போட்டோவில் எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி: வேப்பமரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது, மேலே சில இடங்களில் பழுப்பாகத் தெரிகிறது. போட்டோவை வைத்தே இது வழக்கமான இலையுதிர்வா, நோயா என்று சொல்ல முடியுமா? எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் கொட்டிய இலையை விட, கொட்டாமல் மரத்திலேயே தொங்கும் இலைதான் அதிகம் சொல்லும். முதலில் அதைத் தேடுங்கள்.

இலை உதிர்வது மரம் தானாகச் செய்யும் வேலை. காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. இலை முதிர்ந்ததும் மரம் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிறது. பிறகு அந்த அடுக்கின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, இலை விழுகிறது. இத்தனைக்கும் அந்த இடத்தில் உயிர் இருக்க வேண்டும். குச்சி திடீரென்று செத்துப்போனால் இலையை வெட்டிவிட ஆள் இல்லை. அது காய்ந்து, சுருண்டு, பழுப்பாக அங்கேயே தொங்கும். ஆகவே மஞ்சளாகி விழுந்து வெறுமையான குச்சி இயல்பைக் காட்டுகிறது, பழுப்பு இலை கொத்தாகத் தொங்கும் குச்சி சாவைக் காட்டுகிறது. முறிந்து தொங்கும் கிளையும் இப்படித்தான் தெரியும் என்பதால் கிளையின் அடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேம்பைப் பொறுத்தவரை இயல்பான உதிர்வும் நுனிக்கருகல் நோயும் அடுத்தடுத்து வருவதால்தான் குழப்பம். தென்னிந்தியச் சமவெளியில் இயல்பான உதிர்வு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும். நல்ல ஈரமுள்ள இடத்தில் மரம் முழுதாக மொட்டையாவதே இல்லை. வறண்ட இடத்தில் கொஞ்ச நாள் வெறுங்கிளையாக நிற்கும். பழைய இலை விழுந்துகொண்டிருக்கும்போதே செம்பு நிறத் துளிர் வந்துவிடும், கூடவே பூவும் தொடங்கும். நுனிக்கருகல் நோய் மழைக்காலத்தில் தொடங்கி, மழை முடியும்போது உச்சத்துக்குப் போகும். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சைதான் இதற்கு முக்கியக் காரணம். தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சி இளங்குச்சிகளைக் குத்தினாலும் இதே தோற்றம் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். நோய் கண்ட மரம் டிசம்பர், ஜனவரியில் பழுப்பாக நிற்கும். அப்போது பார்ப்பவர் "இது இலையுதிர் காலம்தானே" என்று நினைத்துவிடுகிறார்.

அதனால் போட்டோ எடுத்த தேதி அவசியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த தேதி அழிந்துவிடும், உங்களுக்கு வந்து சேர்ந்த தேதிதான் மிஞ்சும். படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். தேதியும் தங்கும், நுண்விவரமும் கெடாது.

இப்போது உங்கள் மரம். முழு மரத்தின் படத்தில் பழுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இயல்பான உதிர்வில் மரம் முழுக்க ஒரே மாதிரி வெளுத்து, மெலிந்து, ஊடாக வானம் தெரியும். நுனிக்கருகலில் மரத்தின் வெளி விளிம்பில், குச்சிகளின் நுனியில் மட்டும் திட்டுத்திட்டாகப் பழுப்பு இருக்கும். அதற்கு ஓரிரு அடி உள்ளே இலை பச்சையாகவே நிற்கும். "மேலே சில இடங்களில்" என்று நீங்கள் சொல்வது இந்த இரண்டாவது வகைபோல் படுகிறது. ஒரே ஒரு பெரிய கிளை மட்டும் முழுதாகப் பழுப்பாகியிருந்தால் அது வேறு கதை: அந்தக் கிளையின் அடியிலோ, அந்தப் பக்கத்து வேரிலோ காயம் இருக்கலாம்.

அடுத்த படம் ஒரு குச்சியின் நுனி, கையெட்டும் உயரத்தில், அரை அடி தொலைவிலிருந்து. பின்னால் வானம் வரக்கூடாது. வானத்தை வைத்து எடுத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பச்சை இலைகூடக் கருப்பாக விழும். இந்த ஒரு காரணத்தால் தவறாக நோய் என்று முடிவுகட்டப்பட்ட மரங்கள் ஏராளம் இருக்கும் என்று நினைக்கிறேன். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும், குச்சிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் இலையின் மஞ்சளையும் நம்பாதீர்கள். மாலை வெயில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும்.

அந்தப் படத்தில் இலை விழுந்த இடத்தின் தழும்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். இயல்பாக விழுந்திருந்தால் தழும்பு வழவழப்பாக, தெளிவான விளிம்போடு இருக்கும், மேலே உள்ள மொட்டு திடமாக இருக்கும். நோய் என்றால் நுனித்தண்டு சுருங்கி, கருத்து அல்லது அடர்பழுப்பாகி, மொட்டும் காய்ந்திருக்கும். தேயிலைக் கொசு குத்தியிருந்தால் இளந்தண்டில் கருத்த புள்ளிகளும் சில நேரம் பிசின் கசிவும் தெரியும்.

தரையில் கிடப்பதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். மஞ்சளாக விழுந்த வேப்பிலையும் வெயிலில் சீக்கிரமே பழுப்பாகிவிடும், பழைய சருகு எதையும் நிரூபிக்காது. மாலையில் ஒரு துணியை விரித்து வைத்து, காலையில் அதில் விழுந்ததை மட்டும் எடுங்கள். சீரான மஞ்சள் சிற்றிலைகளும் வெறும் ஈர்க்குகளும் கிடந்தால் முதுமை. வட்டப் புள்ளிகளோ, புள்ளி உதிர்ந்து ஏற்பட்ட ஓட்டைகளோ பெரும்பாலான இலைகளில் இருந்தால் அது இலைப்புள்ளி நோய். நுனிக்கருகலோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலைப்புள்ளி நோயில் குச்சி சாவதில்லை. முதிர்ந்த இலையில் ஒன்றிரண்டு புள்ளி எப்போதும் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பக்கத்து வேப்பமரத்தோடு ஒப்பிடச் சொல்வார்கள். அது பாதிதான் உதவும். உங்கள் மரம் மட்டும் கொட்டினால் பெரும்பாலும் பருவம் காரணமில்லை என்று சொல்லலாம். ஆனால் எல்லா வேம்பும் கொட்டினால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் நுனிக்கருகலும் வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் பரவும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் நகத்தால் தீர்த்துவிடலாம். குச்சியின் பட்டையை நுனியிலிருந்து உள்நோக்கி விரற்கடை இடைவெளியில் லேசாகச் சுரண்டி, அதைப் படமெடுங்கள். வெறுங்குச்சியில் நுனிவரை உள்ளே பச்சை தெரிந்தால் அது துளிர்க்கக் காத்திருக்கிறது. நுனியில் பழுப்பும் கீழே பச்சையும் தெரிந்தால் இறப்பு கீழ்நோக்கி வருகிறது. எல்லை தெரியும் இடத்தில் நூல் கட்டி, இரண்டு வாரம் கழித்து அதே குச்சியை மறுபடி எடுத்தால் அது இறங்குகிறதா, நின்றுவிட்டதா என்பது தெரிந்துவிடும். நின்றிருந்தால் பதற வேண்டியதில்லை, நுனி கருகிய வேம்புகளில் பல அடுத்த துளிர்ப்பில் தேறிவிடுகின்றன.

பூஞ்சையா, பூச்சியா என்பதை மட்டும் படத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் முழுக்கச் செத்த நுனியை அனுப்பிப் பயனில்லை. அதில் மட்கவைக்கும் பூஞ்சைகள் குடியேறியிருக்கும். பச்சையும் பழுப்பும் சந்திக்கும் இடம் நடுவில் வரும்படி ஒரு சாண் நீளம் வெட்டி, பிளாஸ்டிக் பையில் அல்லாமல் காகித உறையில் போட்டு அன்றே கொடுங்கள்.