அச்சகத்தை மூடுகிறோம், ஜிஎஸ்டியை முதலில் ரத்து செய்யலாமா?

கேள்வி: நானும் என் மச்சானும் சமபங்கில் நடத்திய அச்சகத்தை மூடுகிறோம். பதிவு செய்த கூட்டு நிறுவனம். ஜிஎஸ்டியை உடனே ரத்து செய்துவிட்டு மெஷினை மெதுவாக விற்கலாமா? ஆளுக்கு ஒன்றரை லட்சம் முதல் போட்டோம். மச்சான் தன் முதலை இப்போதே முழுசாகக் கேட்கிறார்.

பதில்: வேண்டாம், முதலில் மெஷினை விற்றுவிடுங்கள்.

மெஷினை 5 லட்சத்துக்கு வாங்கி, 90,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு எடுத்ததாக வையுங்கள். சட்டம் அதற்கு 60 மாத ஆயுள் கணக்கிடுகிறது. 40 மாதம் ஓடியிருந்தால், மீதி 20 மாதத்துக்கான வரவு 30,000 ரூபாய். மெஷின் ஷெட்டில் இருக்கும்போதே பதிவை ரத்து செய்தால், இந்த 30,000 ரூபாய் அல்லது அதன் இன்றைய விலைக்கான வரி, எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டும். விலை 2 லட்சம் என்றால் 18 சதவீதப்படி 36,000 ரூபாய், உங்கள் கையிலிருந்து போகும். பதிவு இருக்கும்போதே விற்றால் அதே 36,000 ரூபாயை பில்லில் போட்டு வாங்குபவரிடமே வசூலிக்கலாம். ஜிஎஸ்டி வைத்திருப்பவர் என்றால் அவருக்கும் அது வரவாகிவிடும். மிச்சமிருக்கும் பேப்பர், இங்க் கதையும் இதுதான்.

அப்புறம் பதிவை ரத்து செய்யக் கேட்கும் REG-16 விண்ணப்பத்தைப் போடுங்கள். ரத்து ஆணை வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ரத்தான தேதி, ஆணை வந்த தேதி இரண்டில் எது பிந்தியதோ, அதிலிருந்து 3 மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர் அதை மறந்து, நோட்டீஸ் கையில் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

மச்சான் கேட்பதற்கு வருவோம். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு வரிசையைச் சொல்கிறது. வெளியாள் கடன் முதலில், பங்குதாரர் நிறுவனத்துக்குக் கொடுத்த கைக்கடன் அடுத்து, போட்ட முதல் அதற்கும் பிறகுதான். வரி போக, மெஷின், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்ந்து 4 லட்சம் தேறியதாக வையுங்கள். பேப்பர் கடைக்காரருக்கும் வேலையாட்களுக்கும் 2 லட்சம் போகும். நீங்கள் இடையில் கொடுத்த கைக்கடன் 50,000 இருந்தால் அதுவும் கழியும். மிச்சம் ஒன்றரை லட்சம்தான், போட்ட முதலோ 3 லட்சம். நஷ்டமும் சமபங்கு என்பதால் ஆளுக்கு 75,000 ரூபாய். ஒருவர் முன்கூட்டியே முழுசாக எடுத்துக்கொண்டால், பேப்பர்காரர் பாக்கிக்கு வழக்குப் போடும்போது உங்கள் சொந்த வீட்டுக்கே சிக்கல் வரலாம், ஏனென்றால் நிறுவனக் கடனுக்குப் பங்குதாரர் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பு. இறுதிக் கணக்கை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கலைப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். சொந்தக்காரர்களிடையே இது கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

கலைத்ததைக் கூட்டு நிறுவனங்களின் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உங்கள் மாவட்டத்தில் வரும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்புக் கொடுங்கள். அதுவரை மச்சான் நிறுவனத்தின் பெயரில் கடனுக்குச் சரக்கு எடுத்தால் அதற்கு நீங்களும் பொறுப்பாளியே. நடப்புக் கணக்கைக் கடைசியாக மூடுங்கள், பாக்கிக்காரர்களின் காசோலை நிறுவனப் பெயரில்தான் வரும்.